பிரிவுக் கடிதம்: வெட்டுவதா, மாற்றி எழுதுவதா?

மன்னார்குடியிலிருந்து மாற்றலாகும் ஆசிரியைத் தோழி பிள்ளைகளுக்கு எழுதிய கடிதத்தில் ஆறு "மன்னியுங்கள்". மீதியெல்லாம் "எப்படித் தாங்குவேன்". படித்தால் பிள்ளைகள்தான் அவரைத் தேற்ற வேண்டியிருக்கும்.

வெட்டுவது: பத்து நிமிட வேலை, அவர் குரலும் மாறாது. "திருப்புதல் தேர்வுக்கு முன்பே போகிறேன், மன்னியுங்கள்" என்று காரணம் உள்ளதை மட்டும் வைத்தால் போதும். ஆனால் அடித்தபின் வெறும் வாழ்த்துதான் மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

மாற்றி எழுதுவது: ஒரு மாலையாவது பிடிக்கும். "உங்களைப் பிரிவது வலிக்கிறது" என்பது, "அடைமழையிலும் வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முதல் மணிக்கு வந்துவிடுவீர்கள்" என்று ஆகும். வாக்கியம் பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட்டது. சோகம் ஒரு வரி இருக்கட்டும், நடுவில். கடைசியில் வைத்தால் அதுதான் மனதில் நிற்கும்.

மன்னிப்பு மட்டும்தான் மிகுதி என்றால் வெட்டுங்கள். பாதி வரிகள் "நான்" என்று தொடங்கினால், சரி, மாற்றித்தான் எழுத வேண்டும்.