செம்பு விலைக்குக் காப்பு: சராசரி விலை ஆப்ஷனா, தடை ஆப்ஷனா?

எங்கள் கம்பித் தொழிற்சாலை மாதம் 50 டன் செம்பு வாங்குகிறது. கொடுக்கும் விலை, லண்டன் உலோகச் சந்தையின் அந்த மாதச் சராசரி. அடுத்த மூன்று மாத விலையேற்றத்துக்குக் காப்பாக, விலை ஒப்பந்த விலைக்கு மேல் போனால் வித்தியாசத்தைத் தரும் கால் ஆப்ஷனில் சாதாரண வகை, தடை ஆப்ஷன், சராசரி விலை ஆப்ஷன் மூன்றையும் கணக்கிட்டுப் பார்த்துச் சராசரி விலை ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தேன்.

செம்பு டன்னுக்கு 9,000 டாலர், ஒப்பந்த விலையும் அதுவே, ஆண்டு ஏற்ற இறக்கம் 25 சதவீதம் என்று வைத்து, வட்டியை விட்டுவிட்டால், சாதாரண ஆப்ஷனின் பிரீமியம் டன்னுக்குச் சுமார் 450 டாலர். விலை 8,500-ஐத் தொட்டால் செல்லாமல் போகும் தடை ஆப்ஷன் 340. மூன்று மாதமும் நாள்தோறும் சராசரி எடுக்கும் ஆப்ஷன் 260.

தடை ஆப்ஷன் மலிவாக இருப்பதன் காரணம் எளிது: இடையில் சரிந்து பிறகு ஏறும் பாதைகளுக்கு அது பணம் தராது. அந்தப் பாதைகளின் மதிப்புதான் குறைந்த 110 டாலர். சராசரியின் கதை வேறு. முதல் வார விலைகள் சராசரிக்குள் போய் உறைந்துவிடுவதால், கடைசி வாரத்தில் விலை எவ்வளவு துள்ளினாலும் சராசரி கொஞ்சம்தான் நகரும். மூன்று மாதச் சராசரியின் ஏற்ற இறக்கம் இறுதி நாள் விலையினுடையதை √3-ஆல் வகுத்த அளவுதான். பிரீமியமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இறங்குகிறது.

என் முடிவுக்குக் காரணம் மலிவு மட்டுமல்ல. மாதச் சராசரிகள் 9,600, 9,300, 8,900 என்று வந்து, இறுதி நாள் விலை 8,850-இல் நின்றால், நாங்கள் சராசரியாக 9,267 கொடுத்திருப்போம். சாதாரண ஆப்ஷன் இறுதி நாளை மட்டும் பார்ப்பதால் ஒரு டாலரும் தராது. சராசரி ஆப்ஷன் 267 தரும். நாங்கள் கொடுக்காத ஒரு விலைக்குக் காப்பு வாங்க 190 டாலர் கூடுதலாக ஏன் செலவிட வேண்டும்?

தடை ஆப்ஷனுக்கும் நியாயம் உண்டு. விலை 8,500-க்கு இறங்கினால் செம்பு மலிவு. அன்றே புதிய ஆப்ஷன் வாங்கிவிடலாம் என்பார்கள். ஆனால் அன்றே வாங்க ஆள் வேண்டும், ஒப்புதல் வேண்டும். இரவில் ஒரு நிமிடம் 8,495-ஐத் தொட்டுவிட்டுக் காலையில் 8,700-க்குத் திரும்பினால் காப்பு போய்விட்டது. தொட்டதா என்பதை முடிவு விலையை வைத்துப் பார்ப்பார்களா, ஒவ்வொரு வர்த்தகத்தையும் வைத்தா என்பதை ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டும். தடையைத் தொட்ட பிறகே உயிர்பெறும் வகையை நான் வாங்கியதில்லை. அதைப் பற்றி அனுபவத்தோடு பேச முடியாது.

சராசரி ஆப்ஷனிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சராசரி எப்போது தொடங்குகிறது என்பது. கடைசி மாதத்துக்கு மட்டும் எடுத்தால் முதல் இரண்டு மாத ஏற்ற இறக்கம் முழுதாக உள்ளே வந்துவிடும்; பிரீமியம் 260 அல்ல, சுமார் 395.