பென்டிங் காட்டும்போது மறுபடி பணம் போடச் சொன்னால் போடாதீர்கள்: என் ரூ.14,500 மாட்டிக்கொண்டிருக்கிறது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கினேன். விலை ரூ.14,500. என் கணக்குகளிலிருந்து போனதோ ரூ.29,000. கூடுதலாகப் போன ரூ.14,500-ஐத் தர மாட்டேன் என்கிறார்கள்.

கல்லாவில் ஒட்டியிருந்த கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டேன். திரை சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் பென்டிங் என்று நின்றது. அதே நேரம் பேங்கிலிருந்து ரூ.14,500 எடுக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வந்துவிட்டது. கடையின் ஸ்பீக்கர் பெட்டியில் சத்தமே இல்லை. பேட்டரி ஆட்டோவில் ஏறிவிட்டது. மாட்டித்தர ஆள் வேறு கிளம்பி நிற்கிறார். "கொஞ்ச நேரம் பார்க்கலாமே" என்றேன். கடைக்காரர், "ஏம்மா, எத்தனை வருஷமா நம்ம கடைக்கு வர்றீங்க? வேற அக்கவுண்ட்லேர்ந்து போட்டு விடுங்க. முதல்ல போட்டது வந்துச்சுன்னா அடுத்த நிமிஷம் நானே திருப்பி அனுப்பிடறேன்" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் போட்டேன். இரண்டாவது உடனே சக்சஸ் ஆனது. பெட்டியும் கத்தியது.

அன்று இரவே முதல் பேமெண்டும் சக்சஸ் என்று மாறிவிட்டது. போன் செய்தால், "எங்களுக்கு வரலைங்க, பேங்க்ல கேளுங்க." ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், "ஸ்கிரீன்ஷாட்டை யார் வேணா செய்யலாம்." நேரில் போனால், கல்லாவில் இருந்த தம்பி, "ஓனர் வெளியூர்." நான் அனுப்பியிருந்த பேமெண்ட் ரெஃபரன்ஸ் நம்பரைத் தேடிப் பார்த்ததாகவும் அப்படி எதுவும் இல்லை என்றும் வேறு சொன்னான்.

பேங்கில் இருந்த அம்மா பொறுமையாக விளக்கினார். ஆப் திரையில் இரண்டு நம்பர் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருப்பது அந்த ஆப் தன் கணக்குக்கு வைத்துக்கொள்வது. UTR அல்லது UPI Ref No என்று போட்டிருக்கும் 12 இலக்க எண்தான் இரண்டு பேங்குகளிலும் தேடக்கூடியது. நான் கடைக்கு அனுப்பியது இந்த 12 இலக்க எண்ணைத்தான். ஆனால் எண் இருப்பதாலேயே பணம் சேர்ந்துவிட்டது என்று ஆகாதாம். பேமெண்ட் கோரிக்கை உள்ளே போனதுமே எண் விழுந்துவிடும். பென்டிங்குக்கும் எண் உண்டு, ஃபெயில் ஆனதற்கும் உண்டு.

பணம் எடுத்த எஸ்எம்எஸ்ஸோடு பென்டிங் வந்தால், என் பேங்க் எடுத்துவிட்டது, அந்தப் பக்கத்துப் பதில் இன்னும் வரவில்லை என்று பொருள். ஒன்று சேரும், இல்லையென்றால் திரும்பும். கடைக்குப் போட்ட பணம் அங்கே உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு ரூ.100 தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கை இருக்கிறது. அதாவது காத்திருந்திருந்தால் என் பணத்துக்குப் பாதுகாப்பு இருந்தது. சக்சஸ் ஆனதும் அந்த வழி மூடிவிட்டது. பணம் எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட்டதாகப் பதிவாகிவிட்டதால் பேங்க் தானாகப் பிடுங்கித் தர முடியாது. கடைதான் ரீஃபண்ட் போட வேண்டும்.

"எங்களுக்கு வரலை" என்பதிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பல கடைகளின் கியூஆரில் போடும் பணம் முதலில் கியூஆர் கொடுத்த நிறுவனத்துக்குப் போய், பிறகு மொத்தமாகக் கடையின் பேங்க் கணக்குக்கு வரும். அதனால் பாஸ்புக்கை மட்டும் நீட்டி, "பாருங்க, உங்க ரூ.14,500 தனியா இல்லையே" என்று சொல்ல முடிகிறது. கடைக்கான ஆப்பைத் திறந்து அந்த 12 இலக்க எண்ணைத் தேடினால் ஒரு நிமிட வேலை. திறந்து காட்டுங்கள் என்றேன். காட்டவே இல்லை. போன வாரம், "ரீஃபண்ட் போட்டாச்சு" என்றார்கள். ரீஃபண்டுக்கென்று தனி ரெஃபரன்ஸ் நம்பர் இருக்குமே, அதைக் கொடுங்கள் என்றதும் போனை வைத்துவிட்டார்கள்.

எச்சரிக்கைகளை விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பென்டிங் என்றால் பொருளைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள், மறுபடி போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால், முதல் பேமெண்டின் 12 இலக்க எண்ணைப் பில்லில் எழுதி, "வந்தால் திருப்பித் தரப்படும்" என்று கையெழுத்து வாங்குங்கள். ரீஃபண்ட் என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள், நம்பர் கேளுங்கள். ஆப்பில் அந்தப் பேமெண்டைத் திறந்து அங்கேயே புகார் பதியுங்கள். நான் பதிந்துவிட்டேன், நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லியிருக்கிறேன். ரூ.14,500 வரும்வரை விடப்போவதில்லை.