மூன்று ஏக்கர் வயலும் ஒரு மணமகள் தேவை விளம்பரமும்

கிளிநொச்சியில் 33 வயது விவசாயி ஒருவருக்குப் பெண் தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழமையாக இப்படித்தான் எழுதுவார்கள்:

“கௌரவமான குடும்பத்தைச் சேர்ந்த, பெரும் வயற்காணிகளுக்கு ஒரே வாரிசான, சொந்த வாகனங்களும் நவீன வீடும் உடைய தொழிலதிபருக்கு அழகிய மணமகள் தேவை. தீய பழக்கங்கள் அறவே அற்றவர்.”

உள்ளது இவ்வளவுதான்: தந்தையின் பெயரில் மூன்று ஏக்கர் அனுமதிப்பத்திரக் காணி, லீசிங் முடியாத உழவு இயந்திரம், ஒரு மோட்டார் சைக்கிள், வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. இதையே இப்படி எழுதலாம்:

“கிளிநொச்சி, வயது 33, உயர்தரம் வரை படித்தவர். இரணைமடுக் குளத்தின் கீழ், தந்தையின் பெயரிலுள்ள 3 ஏக்கர் வயலைச் செய்கிறார். பின்னுரித்து இவர் பெயரில் பதிவாகியுள்ளது. உழவு இயந்திரத்தால் அயல் வயல்களையும் உழுது கொடுக்கிறார். பெற்றோருடன் வசிக்கிறார். தங்கை மணமானவர். மணமகள் வேலையைத் தொடரலாம். மது, புகை இல்லை.”

இரண்டுக்கும் பெரிய வேறுபாடு காணியில்தான். வன்னியில் பெண் வீட்டார் முதலில் கேட்பது, உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்பதையே. பெர்மிட் காணியை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. தந்தைக்குப் பின் அது யாருக்கு என்பதைப் பின்னுரித்துப் பதிவு காட்டும். அந்தப் பதிவு இல்லாமல் “ஒரே வாரிசு” என்று எழுதினால், அயலில் விசாரித்த அன்றே குட்டு வெளிப்பட்டுவிடும். அதன்பின் மது அருந்தாதவர் என்ற உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். இதுதான் என்னை மிகவும் வருத்துவது: நல்ல பிள்ளையின் நல்ல குணமும் பொய்யோடு சேர்ந்து அடிபட்டுப்போகிறது.

பதிவு இன்னும் நடக்கவில்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். “பதிவாகும்” என்று எழுதக் கூடாது.

“விவசாயம், சொந்தக் காணி உண்டு” என்று இரண்டே வார்த்தையில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது அடக்கமல்ல. தந்தையின் பெயரிலுள்ள பெர்மிட் காணியைச் சொந்தக் காணி என்பதும் தவறு.

கவர்ச்சி எங்கே என்று கேட்பீர்கள். “தங்கை மணமானவர்” என்பதில் இருக்கிறது: தங்கையின் சீதனப் பொறுப்பு புதுக் குடும்பத்தின் தலையில் விழாது. உழவு இயந்திரத்தைப் பற்றிய வரியிலும் இருக்கிறது. காலபோகம் மழையோடு ஒப்பேறிவிடும். சிறுபோகத்துக்கோ குளத்து நீர் எல்லா வயலுக்கும் கிடைப்பதில்லை. அந்த ஆண்டுகளில் வேறு வருமானம் உண்டா என்று விவசாயக் குடும்பத்துப் பெண் கட்டாயம் யோசிப்பாள். “தொழிலதிபர்” என்ற சொல்லில் அதற்குப் பதில் கிடையாது.

எல்லாவற்றையும் அச்சில் போட வேண்டியதில்லை. லீசிங் மிச்சத்தை முதல் தொலைபேசிப் பேச்சிலேயே, சாதகம் கைமாறுவதற்கு முன் சொல்லிவிடலாம். பொருத்தம் பார்த்து மனம் வைத்த பிறகு கடன் தெரியவந்தால் அது ஏமாற்றாகவே படும். கிராமத்தின் பெயரையும் வாய்க்காலையும் குறிப்பிட வேண்டாம். ஆள் யாரென்று தெரிந்துவிடும். விளம்பரத்தைச் சுருக்க வேண்டிவந்தால் படிப்பை வெட்டலாம், காணி விபரத்தை வெட்டக் கூடாது.