மேலாளர் வராத கூட்டம்: நடந்ததை வரிசையாக எழுதுவதா, முடிவை முதலில் சொல்வதா?

கூட்டம் 52 நிமிடம் ஓடியது. மேலாளர் வர முடியவில்லை. வீடியோ பதிவு இருக்கிறது, "என்ன நடந்ததுன்னு ஒரு மெயில் போட்டுடுங்க" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். பில்லிங் பக்கத்தின் புதிய வடிவம் 14ஆம் தேதி வெளியாக வேண்டும். பணத்தைத் திருப்பித் தரும் பகுதியில் சோதனைக் குழு ஒரு பிழையைக் கண்டுபிடித்ததால் 21ஆம் தேதிக்குத் தள்ளிவைக்க முடிவானது. இரண்டு வாரத்துக்கு இன்னொரு சோதனையாளர் வேண்டும், அதற்கு மேலாளரின் ஒப்புதல் வியாழன் மாலை 4 மணிக்குள் வர வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

பதிவின் இணைப்பையும் தானாக உருவான எழுத்துவடிவத்தையும் அப்படியே அனுப்பிவிடுவது ஒரு வழி. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 52 நிமிடம் இல்லாததால்தான் அவர் வரவே இல்லை. எழுத்துவடிவமும் நம்பத்தக்கதல்ல: ஒரே அறையில் ஒரு மைக்கைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தால் யார் பேசியது என்பது குழம்பிவிடும். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் ஒன்றுபோல ஒலிக்கும், இடம் மாறிவிடும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான்.

வரிசை முறையில் முதலில் யார் பேசினார், அப்புறம் என்ன கேள்வி வந்தது என்று கூட்டம் போன போக்கிலேயே எழுதுவோம். எழுதுபவருக்கு இது சுலபம், எதுவும் விடுபடாது. ஆனால் நம் கூட்டத்தில் முதல் 20 நிமிடம் பிழை எப்படி வந்தது என்ற விவாதம். தேதி மாற்றம் 31ஆவது நிமிடத்தில் வந்தது, ஒப்புதல் கேட்டது 47ஆவது நிமிடத்தில். வரிசையாக எழுதினால் வியாழன் 4 மணி என்பது மெயிலின் கடைசிப் பத்தியில் போய் உட்காரும். கைப்பேசியில் பாதி படித்துவிட்டு மூடும் மேலாளர் அதைப் பார்க்கவே மாட்டார். வெள்ளிக்கிழமை காலை "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்பார், நாம் சொல்லித்தான் இருந்தோம்.

முடிவை முதலில் சொல்லும் முறையில் அதே மெயில் இப்படித் தொடங்கும்:

"வணக்கம் மேடம். உங்களிடமிருந்து ஒன்று வேண்டும்: இரண்டு வாரத்துக்குக் கூடுதல் சோதனையாளர் ஒருவருக்கு ஒப்புதல், வியாழன் மாலை 4 மணிக்குள் (பதிவில் 47:10). வெளியீடு 14இலிருந்து 21ஆம் தேதிக்கு மாறியது (31:05). காரணம், பகுதித் தொகையைத் திருப்பினால் வரி இரண்டு முறை கழிகிறது. வாடிக்கையாளருக்கு யார் சொல்வது என்பது முடிவாகவில்லை."

தலைப்பு வரியிலும் "கூட்டச் சுருக்கம்" என்று மட்டும் போடாமல் "ஒப்புதல் தேவை, வியாழன் 4 மணி: பில்லிங் வெளியீடு" என்று போடுங்கள். அடைப்புக்குள் இருக்கும் நேரம்தான் இந்த முறையின் பலம். சந்தேகம் வந்தால் அவர் அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். ஒரு கவனம்: கூட்டத்தின்போது கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த நேரம் உதவாது. பதிவு பொத்தானை ஐந்து நிமிடம் தாமதமாக அழுத்தியிருந்தால் எல்லாமே ஐந்து நிமிடம் தள்ளி நிற்கும். பதிவைத் திறந்து, அதில் ஓடும் நேரத்தையே எழுதுங்கள்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு, அது சின்னதல்ல. முடிவை மட்டும் எழுதும்போது எல்லோரும் மனதார ஒப்புக்கொண்டதுபோல ஒரு தோற்றம் வந்துவிடும். நம் கூட்டத்தில் 21ஆம் தேதி சரியா என்று கேட்டதற்கு, சர்வர் பக்கத்தைப் பார்ப்பவர் "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார். நம் பேச்சில் "பார்க்கலாம்" என்பது சம்மதமாகவும் இருக்கலாம், மரியாதையான மறுப்பாகவும் இருக்கலாம். அதை "ஒப்புக்கொண்டார்" என்று எழுதிவிட்டால், மேலாளர் அதை நம்பி மேலிடத்தில் 21 என்று வாக்குக் கொடுத்துவிடுவார். நான் ஒருமுறை அப்படி எழுதி, பொறுப்பே ஏற்காத ஒருவரின் தலையில் வேலையைக் கட்டிவிட்டேன். இப்போதெல்லாம் அந்த ஆளிடமே கேட்டு உறுதி செய்கிறேன். நேரமில்லை என்றால் அவர் சொன்ன சொல்லையே மேற்கோளில் போட்டு, "உறுதி செய்யவில்லை" என்று சேர்க்கிறேன்.

வரிசை முறையை முழுக்கத் தள்ளவும் முடியாது. ஒரு முடிவைப் பற்றி இரண்டு குழுக்கள் மோதிக்கொண்டு, மேலாளர்தான் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றால், யார் எதற்குப் பதிலாக என்ன சொன்னார் என்ற ஒழுங்கு அவருக்குத் தேவை. அப்போதும் முதல் நான்கு வரி மேலே சொன்னபடிதான், வரிசை அதற்குக் கீழே வரும்.

அனுப்புவதற்கு முன், பதிவைப் பார்க்க மேலாளருக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பல நேரம் கூட்டத்தை நடத்தியவரின் கணக்கில்தான் சேமிக்கப்படும். நமக்குத் திறக்கும் இணைப்பு அவருக்குத் திறக்காமல் போனால், 47:10 என்று எழுதியதற்கு எந்தப் பயனும் இல்லை.