ஆதாரத்தை எப்போது காட்டுவது, பதிலை எப்படி எழுதுவது: குற்றம் சாட்டப்பட்டவரை விசாரிக்கும் முறைகள், ஓர் ஒப்பீடு

ஓர் உள்விசாரணையை எடுத்துக்கொள்வோம். கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர் வராத சரக்கை வந்ததாகக் காட்டி வரவுச் சீட்டில் கையொப்பமிட்டார், அதை நம்பி விற்பனையாளருக்குப் பணம் கொடுக்கப்பட்டுவிட்டது என்பது குற்றச்சாட்டு. விசாரிப்பவர் கையில் மூன்று ஆவணங்கள் இருக்கின்றன. மாலை 5.40க்கு 120 பெட்டிகள் வந்ததாகச் சொல்லும் வரவுச் சீட்டு ஒன்று. அன்று எந்த லாரியும் உள்ளே வரவில்லை என்று காட்டும் முன்வாயில் பதிவேடு இன்னொன்று. மேற்பார்வையாளர் 3.15க்கே வெளியேறிவிட்டதைக் காட்டும் வருகைப் பதிவு மூன்றாவது.

என்ன குற்றச்சாட்டு, எந்தத் தேதியைப் பற்றியது என்பதை அவருக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். அதில் பேரம் இல்லை. இந்த மூன்று தாள்களை எப்போது அவர் முன் வைப்பது என்பதில்தான் விசாரணை அலுவலர்கள் பிரிகிறார்கள்.

முதல் வகையினர் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே மேசையில் பரப்பிவிடுவார்கள். ஒளிவுமறைவு இல்லை, நேரமும் மிச்சம். தவறு செய்தவர் தாள்களைப் பார்த்துக் கதையைத் திருத்திக்கொள்வார் என்பது எல்லோரும் சொல்லும் குறை. என்னை அதிகம் உறுத்துவது வேறு: தவறு செய்யாதவரும் தாள்களைப் பார்த்ததும் நினைவுகூர்வதை விட்டுவிட்டு ஊகிக்கத் தொடங்குவார். “அப்படியானால் மறுநாள் எழுதியிருப்பேன்” என்பார். அது நினைவு அல்ல, தாளுக்குப் பொருந்தும் ஒரு யூகம். பின்னர் அது பொய் என்று தெரிந்தால், பொய் சொன்னவர் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாம் வகையினர் ஆதாரத்தைக் கடைசிவரை ஒளித்து வைத்து, “அன்று கிடங்கில் இருந்தேன்” என்று அவர் சொன்னதும் வருகைப் பதிவை எடுத்து வீசுவார்கள். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் பல வாரங்களுக்கு முந்தைய ஒரு மாலையைத் தவறாக நினைவில் வைத்திருப்பவரும் இதே வலையில்தான் விழுவார். சிக்கவைத்து ஒப்புதல் வாங்கும் மனப்பாங்கின் முற்றிய வடிவம் அமெரிக்கக் காவல்துறையில் வேரூன்றிய ரீட் முறை. குற்றம் உறுதி என்று முதலிலேயே சொல்வது, மறுப்பை முழுதாகப் பேசவிடாமல் இடைமறிப்பது, “யாராக இருந்தாலும் இந்த நெருக்கடியில் செய்திருப்பார்கள்” என்று ஒப்புக்கொள்ள எளிதான சாக்கை நீட்டுவது என்று அது போகும். செய்யாத குற்றத்தையும் சிலர் இதில் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள் என்பதே அதன்மீதான முக்கிய விமர்சனம்.

மூன்றாம் வழி, முதலில் அவர் வாயால் முழு விவரத்தையும் கேட்டுவிட்டு, ஒவ்வொரு பொருளும் முடியும் இடத்தில் அதற்குரிய ஆவணத்தைக் காட்டுவது. இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறையினர் 1990களின் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்ட ‘பீஸ்’ முறையின் அடிப்படை இதுதான்: ஒப்புதல் வாங்குவதை விட்டு, விவரம் வாங்குவது. நான் இந்தக் கட்சி. ஆனால் ஒரு வரம்பு உண்டு. முறையான ஒழுங்கு விசாரணையில் ஆவண நகல்களை முன்பே கொடுக்க வேண்டும் என்று நிறுவன விதி சொன்னால் கொடுத்தே ஆக வேண்டும். விதியை வளைத்து இந்த வழியைப் பின்பற்றக் கூடாது. பூர்வாங்க விசாரணையில்தான் இதற்கு இடம் இருக்கிறது.

இந்த வழியில் உழைப்பு கேள்வித்தாளில் இருக்கிறது. தயாரிக்கும்போது முதலில் எழுத வேண்டியவை கேள்விகள் அல்ல. அந்த மூன்று தாள்களும் உண்மையாக இருந்தும் அவர் குற்றமற்றவராக இருக்கக்கூடிய வழிகள். சரக்கு முந்தைய நாளே வந்து சீட்டு மட்டும் தாமதமாக எழுதப்பட்டிருக்கலாம். லாரி பின்வாயிலில் வந்திருக்கலாம். அவர் பெயரில் வேறொருவர் கையொப்பமிட்டிருக்கலாம். வெற்றுச் சீட்டில் முன்கூட்டியே கையொப்பம் வாங்கி வைக்கும் பழக்கம் அங்கே இருக்கலாம். ஒவ்வொன்றையும் அவர் சொல்லவோ மறுக்கவோ இடம் தரும் கேள்விகள், ஆவணம் வெளிவருவதற்கு முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டும்:

“சரக்கு வந்து சேர்வதிலிருந்து சீட்டு கணக்குப் பிரிவுக்குப் போவது வரை என்ன நடக்கும், வரிசையாகச் சொல்லுங்கள்.”
“சரக்கு எந்தெந்த வாயில் வழியாக வரும்?”
“சீட்டில் நேரத்தை யார் எழுதுவார்கள், எப்போது?”
“நீங்கள் இல்லாத நேரத்தில் சரக்கு வந்தால் யார் கையொப்பமிடுவார்கள்?”

இதற்கெல்லாம் பதில் வந்த பிறகு சீட்டைக் காட்டி, “இதைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் போதும். “3.15க்குப் போனவர் 5.40க்கு எப்படிக் கையொப்பமிட்டீர்கள்?” என்று கேட்டால், கையொப்பமிட்டவர் அவர்தான், அதுவும் 5.40க்குத்தான் என்ற நிரூபிக்கப்படாத இரண்டு செய்திகளைக் கேள்விக்குள் சத்தமில்லாமல் நுழைத்துவிடுகிறோம்.

அவர் “ஆமாம், நான்தான் செய்தேன்” என்றே சொல்லிவிட்டாலும் கேள்வித்தாளை மூடக் கூடாது. சீட்டுப் புத்தகம் எங்கே இருந்தது, விற்பனையாளர் தரப்பில் யார் பேசினார்கள், எப்படிப் பேசினார்கள் என்று, வேறு வழியில் சரிபார்க்கக்கூடிய விவரங்களைக் கேட்க வேண்டும். வேறொருவரைக் காப்பாற்றப் பழியை ஏற்பவர் இந்த இடத்தில்தான் திணறுவார்.

அடுத்தது பதிவு. கேட்டு முடித்த பிறகு சுருக்கமாக எழுதுவது, கேள்வி-பதிலாக அப்போதே எழுதுவது, ஒலிப்பதிவு செய்வது என மூன்று வழக்கங்கள் உண்டு. சுருக்கம் படிக்க எளிது. ஆபத்தும் அதில்தான் அதிகம். அவர் சொன்னது: “கையெழுத்து என்னுடையது போலத்தான் இருக்கிறது. அன்று போட்டதாக நினைவில்லை.” சுருக்கத்தில் அது “கையொப்பத்தை ஒப்புக்கொண்டார்” என்றாகிவிடும். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வரியில் ஒருவர் வேலை போய்விடும்.

கெட்ட எண்ணமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் கில்ட்போர்ட் நால்வர் வழக்கு இருக்கிறது. மதுக்கூடக் குண்டுவெடிப்புகளுக்காக 1975இல் ஆயுள் தண்டனை பெற்ற அந்த நால்வரின் தண்டனை 1989இல் ரத்தானது. விசாரணையின்போதே கையால் எழுதியவை என்று நீதிமன்றத்தில் காட்டப்பட்ட குறிப்புகளுக்கு, அடித்தும் திருத்தியும் வரிசை மாற்றியும் தட்டச்சு செய்த ஒரு முன்வடிவம் இருந்தது தெரியவந்ததே அதற்கு முக்கியக் காரணம்.

ஒலிப்பதிவு இந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் போக்கிவிடும். அவரிடம் சொல்லி, விதியும் அனுமதித்தால், அதைத்தான் முதலில் தேர்ந்தெடுப்பேன். தலையாட்டல் ஒலியில் பதியாது என்பதால், “ஆம் என்று தலையசைக்கிறீர்கள், சரியா?” என்று கேட்டு வாய்ச்சொல்லாக்க வேண்டும். ஆவணம் காட்டும்போது அதன் எண்ணையும் உரக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ‘இது’, ‘அது’ என்று போகும் உரையாடல் பிறகு யாருக்கும் புரியாது.

ஒலிப்பதிவு இல்லையென்றால் கேள்வி-பதில்தான். கேள்வி கேட்பவரோடு, எழுதுவதற்கென்று இன்னொருவர் உட்கார வேண்டும். கேட்பவரே எழுதினால் இரண்டும் கெடும். கேள்வியும் கேட்ட சொற்களிலேயே பதிவாக வேண்டும். தொடங்கிய நேரம், இடைவேளை, முடிந்த நேரம் எல்லாம் வேண்டும். பதில் வராவிட்டால் “பதில் சொல்லவில்லை” என்று எழுதலாம். “பதில் சொல்ல முடியாமல் திணறினார்” என்று எழுதுவது பதிவு அல்ல, தீர்ப்பு.

முடிந்ததும் அவரே படிக்க வேண்டும், அல்லது படித்துக் காட்ட வேண்டும். திருத்தம் கேட்டால் பழைய சொல் தெரியும்படி ஒரு கோடு மட்டும் கிழித்து, மேலே புதியதை எழுதி, ஓரத்தில் அவருடைய சுருக்கொப்பம் வாங்க வேண்டும். “நான் சொன்னது அப்படியல்ல” என்று அவரும், “அப்படித்தான்” என்று எழுதியவரும் நின்றால், மூலவரியை அழிக்காமல் அவருடைய மறுப்பை அடியில் சேர்க்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வேண்டும். மறுத்தால் வற்புறுத்தாமல், மறுத்ததையும் அவர் சொன்ன காரணத்தையும் எழுதி, உடனிருந்த சாட்சி கையொப்பமிடலாம். நகல் ஒன்றை அவரிடம் கொடுத்து, விட்டுப்போனது ஏதேனும் இருந்தால் எழுதித்தர ஒரு தேதியும் சொல்லி அனுப்ப வேண்டும். அந்தத் தேதிக்குள் மேற்பார்வையாளர் “பின்வாயில் பதிவேட்டையும் பாருங்கள்” என்று எழுதிக் கொடுத்தால், அதைப் பார்த்து முடிக்கும்வரை அறிக்கையை எழுதத் தொடங்கக் கூடாது.