முக்கோணச் சுழற்சியின் பயனுறுதிறன்: பரப்பு வழியா, வெப்பக் கணக்கு வழியா?

PV வரைபடத்தைக் கொடுத்து வெப்ப இயந்திரத்தின் பயனுறுதிறனைக் கேட்டால் இரண்டு வழியில் போகலாம். சுழற்சி அடைக்கும் பரப்பை அளந்தால் வேலை W கிடைக்கும். அதை வாயு வாங்கிய வெப்பம் Q₁ ஆல் வகுத்தால் η = W/Q₁. இது பரப்பு வழி. இரண்டாவது வழியில் பரப்பைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு பகுதியிலும் வாங்கியது எவ்வளவு, விட்டது எவ்வளவு என்று வரவு செலவு எழுதி η = 1 − Q₂/Q₁ என்று முடிக்கலாம். இது வெப்பக் கணக்கு வழி.

எது நல்லது என்று கேட்டால், பெரும்பாலோர் "எது சீக்கிரம் முடியுதோ அது" என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்து வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பையன் கொண்டுவந்த ஒரு முக்கோணக் கணக்குக்குப் பிறகு அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

கணக்கு இதுதான். ஓரணு வாயு. A புள்ளியில் 1 லிட்டர், 100 கிலோபாஸ்கல், 300 கெல்வின். பருமன் மாறாமல் சூடாக்கி 300 கிலோபாஸ்கல் வரை ஏற்றினால் B. அங்கிருந்து நேர்க்கோட்டில் சரிந்து 3 லிட்டர், 100 கிலோபாஸ்கலுக்கு வந்தால் C. பிறகு அழுத்தம் மாறாமல் சுருங்கி மறுபடி A. ஒரு கிலோபாஸ்கலை ஒரு லிட்டரால் பெருக்கினால் சரியாக ஒரு ஜூல், அதனால் எண்கள் எல்லாம் கைக்கு அடக்கமாக வரும்.

முதலில் பரப்பு வழி. முக்கோணத்தின் அடிப்பக்கம் 2, உயரம் 200. W = ½ × 2 × 200 = 200 ஜூல். பத்து நொடி வேலை. இந்த வழியின் பலம் இதுதான்: கோடுகள் நேராக இருந்தால் சமன்பாடே வேண்டாம், கட்டத் தாளில் கட்டங்களை எண்ணினாலே போதும். இதன் பிறப்பும் அப்படித்தான். ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796-இல் நீராவி இயந்திரத்தில் ஒரு பென்சிலைப் பொருத்தினார். உருளைக்குள் இருக்கும் அழுத்தம் பென்சிலை மேலும் கீழும் நகர்த்தும், உந்துதண்டின் ஓட்டம் அடியில் இருக்கும் தாளை நகர்த்தும். இயந்திரம் தானே வரைந்த அந்த வளையத்தின் பரப்பை அளந்து, ஒரு சுற்றில் எவ்வளவு வேலை நடந்தது என்று பார்த்தார்கள். வேலை மட்டும்தான். எவ்வளவு வெப்பம் செலவானது என்று அந்தத் தாளிடம் யாரும் கேட்கவில்லை, அதற்கு நிலக்கரியை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நம் கணக்கிலும் இதே நிலைமைதான். பரப்பு W-ஐக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். Q₁ வேண்டுமானால் வெப்பக் கணக்கைத் திறந்தே ஆக வேண்டும். ஆகவே பரப்பு வழி என்பது முழு வழி அல்ல, பாதி வழி. வெப்பக் கணக்கில் தவறு நேர்ந்தால் அது இரண்டு வழிகளையும் பாதிக்கும்.

பையன் எழுதியிருந்த வெப்பக் கணக்கு இப்படி இருந்தது:

A→B: Q = 3/2 × V × ΔP = 1.5 × 1 × 200 = +300 ஜூல்
B→C: ΔU = 0, W = 200 × 2 = 400, எனவே Q = +400 ஜூல்
C→A: Q = 5/2 × P × ΔV = 2.5 × 100 × (−2) = −500 ஜூல்

B-யிலும் C-யிலும் PV பெருக்கம் ஒரே 300 என்பதால் அகஆற்றல் மாற்றம் பூஜ்யம். அதைச் சரியாகப் பிடித்திருந்தான். B→C-இன் சராசரி அழுத்தம் 200 என்பதும் சரி. பரப்பு வழியில் 200/700, அதாவது 28.6 சதவீதம். வெப்பக் கணக்கு வழியில் 1 − 500/700, அதுவும் 28.6 சதவீதம். "ரெண்டு வழியிலயும் ஒரே விடை வருதே அண்ணா, புத்தகத்துல மட்டும் 26.7-னு போட்டிருக்கு. அச்சுப் பிழையா?" என்று கேட்டான்.

அச்சுப் பிழை இல்லை. இரண்டு வழியும் ஒத்துப்போனது உண்மை, ஆனால் அதில் சான்று எதுவும் இல்லை. 300 + 400 − 500 = 200. நிகர வெப்பம் வேலைக்குச் சமமாக இருக்கும்வரை இரண்டு சூத்திரங்களும் ஒரே விடையைத்தான் தரும், Q₁ தவறாக இருந்தாலும். வெப்ப இயக்கவியலின் முதல் விதி நிகரத்தை மட்டும் பார்க்கிறது. பயனுறுதிறனுக்கோ நிகரம் போதாது, வாங்கியதும் விட்டதும் தனித்தனியாக வேண்டும். மாதக் கடைசியில் கையிருப்பை மட்டும் பார்த்து எவ்வளவு சம்பாதித்தோம் என்று சொல்ல முடியாதது போலத்தான் இதுவும்.

தவறு B→C கோட்டில் ஒளிந்திருக்கிறது. அந்தக் கோடு முழுக்க வாயு வெப்பத்தை வாங்குகிறது என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் பாதி வழிக்கு மேல் போனதும் அது வெப்பத்தை விட ஆரம்பிக்கிறது. நிகரம் +400 என்பதால் அது வெளியே தெரிவதில்லை.

எந்த இடத்தில் திரும்புகிறது? இங்கேதான் வரைபடத்தை உற்றுப் பார்க்க வேண்டும். கோட்டின் எந்தப் புள்ளி வழியாகவும் ஒரு வெப்பப் பரிமாற்றமில்லா வளைகோட்டை வரையலாம். அதன் சாய்வு −γP/V. வாயு விரியும்போது நம் பாதை அந்த வளைகோட்டைவிட மெதுவாக இறங்கினால் வெப்பம் உள்ளே வருகிறது. அதைவிடச் செங்குத்தாக இறங்கினால் வெப்பம் வெளியே போகிறது. நம் கோட்டின் சாய்வு எங்கும் −100. ஓரணு வாயுவுக்கு γ = 5/3. B-யில் γP/V = 500, கோடு அதைவிட மெதுவாக இறங்குவதால் வெப்பம் உள்ளே. C-யில் γP/V = 55.6, கோடு அதைவிடச் செங்குத்து, வெப்பம் வெளியே. இரு முனைகளிலும் விடை வேறு வேறாக வந்தாலே நடுவில் ஒரு திருப்பம் இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும்.

திருப்பப் புள்ளிக்கு D என்று பெயர் வைப்போம். அங்கே இரண்டு சாய்வும் சமம்: (5/3)P/V = 100, அதாவது P = 60V. கோட்டின் சமன்பாடு P = 400 − 100V. இரண்டையும் சேர்த்தால் V = 2.5 லிட்டர், P = 150 கிலோபாஸ்கல். தொகையீடு எதுவும் வேண்டாம், ஒரு கோட்டை இரண்டாக வெட்டுகிறோம், அவ்வளவுதான்.

B→D: ΔU = 1.5 × (375 − 300) = 112.5, W = 225 × 1.5 = 337.5, Q = +450 ஜூல்
D→C: ΔU = 1.5 × (300 − 375) = −112.5, W = 125 × 0.5 = 62.5, Q = −50 ஜூல்

கூட்டினால் அதே +400. இப்போது Q₁ = 300 + 450 = 750, Q₂ = 500 + 50 = 550. η = 200/750 = 26.7 சதவீதம். புத்தகம் சொன்னது சரி.

இதைக் காட்டியதும் பையன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். வெப்பநிலை இறங்க ஆரம்பிக்கும் இடத்தில்தானே வெப்பம் வெளியே போகத் தொடங்க வேண்டும்? அப்படி இல்லை. PV பெருக்கம் உச்சத்தைத் தொடுவது V = 2 லிட்டரில், அங்கே வெப்பநிலை 1200 கெல்வின். D-க்கு வரும்போது 1125 கெல்வினாகக் குறைந்திருக்கிறது. இடைப்பட்ட அரை லிட்டரில் வாயு குளிர்ந்துகொண்டே 50 ஜூல் வெப்பத்தை வாங்குகிறது. அது செய்யும் வேலை 87.5 ஜூல். வாங்கிய வெப்பம் அதற்குப் போதாததால் மீதி 37.5 ஜூலை அகஆற்றலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெப்பநிலை உச்சத்தில் கோட்டை வெட்டுகிறவர்களுக்கு Q₁ = 750 வராது. B-யிலிருந்து V = 2 வரை உள்ளே வருவது 400 ஜூல், அங்கிருந்து C வரை நிகரம் பூஜ்யம், ஆகவே 300 + 400 = 700 என்று தற்செயலாகப் பழைய தவறான விடையே திரும்ப வரும். இந்தக் கணக்கில் இது ரொம்ப ஏமாற்றும் இடம்.

வாயுவை மாற்றிப் பார்த்தால் இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் தெளிவாகும். அதே முக்கோணம், உள்ளே ஈரணு வாயு, γ = 1.4. பரப்பு மாறவே இல்லை, W அதே 200 ஜூல். ஆனால் A→B-க்கு இப்போது 500 ஜூல் வேண்டும். திருப்பப் புள்ளியும் 2.33 லிட்டருக்கு நகர்ந்துவிடுகிறது, B→D-இல் 533 ஜூல் உள்ளே வருகிறது. பயனுறுதிறன் 19.4 சதவீதம்தான். படத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை, விடை ஏழு சதவீதப் புள்ளிகள் விழுந்துவிட்டது. வாயு எது என்று வினாத்தாளில் சொல்லாமல் விட்டால் பரப்பு வழிக்காரருக்கு W கிடைக்கும், பயனுறுதிறன் கிடைக்கவே கிடைக்காது.

சுழற்சியில் வளைகோடுகள் வந்தால் நிலைமை தலைகீழ். ஓட்டோ சுழற்சியில் இரண்டு பக்கம் பருமன் மாறாத செங்குத்துக் கோடுகள், மற்ற இரண்டும் வெப்பப் பரிமாற்றமில்லா வளைகோடுகள். பரப்பைக் கண்டுபிடிக்க இரண்டு தொகையீடு போட வேண்டும். வெப்பக் கணக்கிலோ அந்த இரண்டு வளைகோடுகளிலும் Q பூஜ்யம், செங்குத்துக் கோடுகளில் ஒன்றில் வாங்கல், மற்றொன்றில் விடுதல். சாய்வுச் சோதனையும் தேவையில்லை. இறுக்க விகிதம் r என்றால் η = 1 − 1/r^(γ−1) என்று மூன்று வரியில் வந்துவிடும். r = 8, γ = 1.4 என்றால் 56.5 சதவீதம். இங்கே பரப்பு வழியில் போகிறவர் நேரத்தைத்தான் இழப்பார், மதிப்பெண்ணை அல்ல.

அதனால் தேர்வில் நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இப்போது இப்படி: எல்லாக் கோடும் நேர்க்கோடு என்றால் W-ஐப் பரப்பிலிருந்து எடு. அடுத்து, செங்குத்தாகவோ கிடையாகவோ இல்லாமல் சரிந்து இறங்கும் கோடு இருக்கிறதா என்று பார். இருந்தால் அதன் இரு முனைகளிலும் γP/V-ஐப் போட்டு, கோட்டின் சாய்வோடு ஒப்பிடு. திருப்பம் இருந்தால் D-யில் வெட்டிவிட்டுத்தான் Q₁-ஐக் கூட்டு. வளைகோடுகள் இருந்தால் பரப்பை மறந்துவிட்டு நேராக வெப்பக் கணக்குக்குப் போ. பையன் இப்போது சரிந்த கோட்டைப் பார்த்தாலே முனைகளில் பென்சிலால் இரண்டு சின்ன வளைகோடுகளைக் கீறிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறான்.