ஒரு நிமிட விளம்பரத்துக்கு எவ்வளவு கேட்பது? மூன்று கணக்குகள்

கிணறு, போர்வெல், மோட்டார், தென்னந்தோப்பு என்று பொள்ளாச்சிப் பக்கம் நான் நடத்தும் யூடியூப் சேனலுக்கு 1,20,000 சப்ஸ்கிரைபர்கள். போன வருஷம் ஒரு சொட்டுநீர்க் குழாய் கம்பெனியிடம் இந்த ஒரு எண்ணை மட்டும் காட்டி, தலைக்கு 25 காசு என்று 30,000 ரூபாய் வாங்கினேன். வீடியோ ஒரு மாதத்தில் 17,000 வியூஸைத் தாண்டவில்லை. முதலாளி போன் போட்டார். "ஏனுங்க, ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருன்னீங்க. மிச்சப் பேரெல்லாம் எங்கீங்க போனாங்க?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் மறுபடி வரவுமில்லை.

போன மாதம் கோயமுத்தூரில் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்கு விலை சொல்ல வேண்டி வந்தது. என் வழக்கமான வீடியோவுக்கு நடுவில் ஒரு நிமிடம் அவர்கள் பெட்டியைக் காட்ட வேண்டும். இந்த முறை மூன்று விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலாவது அந்தப் பழைய சப்ஸ்கிரைபர் கணக்கு. கேட்பதற்குச் சுலபம், தொகையும் பெரிதாக வரும். ஆனால் என் சப்ஸ்கிரைபர்களில் பாதிக்கு மேல் 2020 ஊரடங்கில் மாடித்தோட்ட வீடியோ பார்க்க வந்தவர்கள். அப்போது கத்தரிச் செடிக்காக பெல் பட்டனை அமுக்கியவருக்கு இப்போது ஏழரை எச்பி மோட்டார் எதற்கு? அவர் போகவும் இல்லை, பார்ப்பதும் இல்லை. சப்ஸ்கிரைபர் எண் இதுவரை எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று சொல்லும். நாளை போடும் வீடியோவை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று சொல்லாது. ஸ்பான்சர் காசு கொடுப்பது அந்த நாளைய வீடியோவுக்கு.

இரண்டாவது வியூஸ் கணக்கு. இதிலும் ஏமாற இடம் உண்டு. கடைசி 12 வீடியோக்களை எடுத்து, ஒவ்வொன்றும் வெளியான முதல் 30 நாளில் வாங்கிய வியூஸை எழுதினேன். இன்று வரையிலான மொத்தத்தை எடுத்தால் பழைய வீடியோக்கள் எண்ணைத் தூக்கிவிடும். சராசரி 41,000 வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு வீடியோ, ஆயிரம் அடி போர்வெல்லில் கழன்று விழுந்த மோட்டாரை வெளியே எடுத்தது, தனியாக 2,60,000 வாங்கியிருக்கிறது. வேடிக்கை பார்க்க உலகமே வந்த வீடியோ அது. பன்னிரண்டையும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் நடுவில் நிற்பது 21,000. அதைத்தான் ஸ்பான்சரிடம் சொன்னேன். 41,000 சொல்லியிருந்தால் பன்னிரண்டில் பதினோரு தடவை நான் பொய்யன் ஆகியிருப்பேன்.

அடுத்து, அந்த 21,000 பேரும் விளம்பரம் வரும் நிமிடத்தில் இருப்பார்களா? யூடியூப் ஸ்டுடியோவில், எந்த நிமிடத்தில் எத்தனை சதம் பேர் இன்னும் பார்க்கிறார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் கோட்டைப் பார்த்தேன். என் வீடியோக்களில் மூன்றாவது நிமிடத்தில் ஏறக்குறைய 58 சதம் பேர் மிஞ்சுகிறார்கள், அதாவது 12,000 பேர். இன்னொன்றும் கண்ணில் பட்டது. சொட்டுநீர் வீடியோவில், அவர்கள் எழுதிக் கொடுத்த தாளை நான் வாசிக்க ஆரம்பித்த இடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்து, வாசித்து முடித்ததும் மேலே ஏறுகிறது. அத்தனை பேரும் தாண்டி ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு தோப்பில் ஸ்டார்ட்டரைத் திறந்து, ஃபேஸ் ஒயரைக் கழற்றி மாட்டிக் காட்டிய வீடியோவில் அந்தப் பள்ளம் இல்லை. இந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டார்ட்டர் கம்பெனி முதலாளியிடம் காட்டி, "தாளு வேண்டாமுங்க, பெட்டியக் குடுங்க. கெணத்துல தண்ணி வத்துனா மோட்டாரு தானா நிக்கறத நேர்லயே காட்டறேன்" என்றேன். நான் கொடுத்த எண்களில் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான்.

ஊர்க் கணக்கில்தான் தடுமாறினேன். அவருக்கு டீலர்கள் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் மட்டும். ஸ்டுடியோவின் நகரப் பட்டியலில் சென்னை மேலே நிற்கிறது. அது இணைய இணைப்பின் ஐபி முகவரியை வைத்து ஊகிப்பது; தாராபுரத்துத் தோட்டத்தில் மொபைல் டேட்டாவில் பார்ப்பவர் வேறொரு பெருநகரக் கணக்கில் விழலாம். அதனால் சேனலிலேயே எந்த மாவட்டம் என்று ஓட்டெடுப்பு வைத்தேன். 1,900 பேர் ஓட்டுப் போட்டதில் 61 சதம் இந்த ஐந்து மாவட்டம். ஓட்டுப் போடுகிறவர்கள் தினமும் வரும் ஆட்கள், வழிப்போக்கர்கள் போடமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அதைக் கழித்து, அந்த 12,000 பேரில் பாதி என்று வைத்தால் டீலர் எல்லைக்குள் 6,000 பேர். நான் கேட்டது 18,000 ரூபாய், ஆளுக்கு மூன்று ரூபாய்.

அவர் விடவில்லை. "நானே கூகுள்ல விளம்பரம் குடுத்தா வியூவுக்கு அம்பது காசுதானுங்க ஆவுது." உண்மைதான், அது ஞாயமான கேள்வி. அங்கே ஐந்து விநாடியில் தாண்டிவிட்டவருக்குக் காசும் கிடையாது. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: அந்த விளம்பரம் காசு நின்ற அன்றே நின்றுவிடும், என் வீடியோ கிடக்கும்; கோடையில் மோட்டார் எரியும்போது தேடி வருகிறார்கள். சென்ற வருஷ ஸ்டார்ட்டர் வீடியோவின் வியூஸ் கோட்டில் மார்ச்சிலிருந்து மே வரை தெரிந்த ஏற்றத்தைக் காட்டினேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

அவராகக் கொண்டு வந்தது மூன்றாவது கணக்கு: வாட்ஸ்அப்பில் விசாரிக்கும் ஒவ்வொருவருக்கும் 150 ரூபாய், விசாரிப்பு இல்லையென்றால் காசு இல்லை. ஸ்பான்சருக்கு இதைவிடப் பத்திரமானது கிடையாது. ஆனால் இந்தத் தொழிலில் அது என்னை முழுங்கிவிடும். முன்பு இதே மாதிரி தனி நம்பர் கொடுத்துப் போட்ட ஒரு வீடியோவுக்கு முதல் மாதம் 43 பேர்தான் செய்தி அனுப்பினார்கள். 150 ரூபாய் கணக்கில் 6,450 வரும். அதற்காக என் பேச்சு 43 பேரிடம்தான் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. எங்கள் ஊரில் விவசாயி பெட்டியை நேராக வாங்குவது குறைவு. மோட்டாரை மேலே தூக்கும் மெக்கானிக் எந்தப் பெட்டி என்று சொல்வார், அதை உடுமலையிலோ பல்லடத்திலோ கடையில் வாங்குவார்கள். வீடியோ பார்த்தது மார்ச், வாங்கியது மே. அந்த விற்பனை என் நம்பரில் எங்கே ஏறும்? அன்றே போனில் ஆர்டர் போட்டு முடிக்கிற சாமான் என்றால், ஒரு கிலோ மஞ்சள்தூள் மாதிரி, இந்தக் கணக்குக்கு நானே சம்மதிப்பேன்.

கடைசியில் வியூஸ் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டேன், அதில் அவர் பயத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டு. 15,000 ரூபாய் நிச்சயம். 30 நாளில் 18,000 வியூஸ் வராவிட்டால் அடுத்த வீடியோவில் அரை நிமிடம் இலவசம். வந்த விசாரிப்புக்குத் தலா 50 ரூபாய் தனி. வீடியோவில் இது விளம்பரம் என்று எழுத்தில் போடுவேன், யூடியூபில் அதற்கான கட்டத்தையும் டிக் செய்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். என் ஒரு நிமிடத்தை வெட்டி அவர்கள் தங்கள் விளம்பரமாக ஓட்டினால் அதற்கு வேறு விலை.

ஒத்துக்கொண்டு எழுந்தவர் வாசலில் நின்றார். "ஏனுங்க, உங்க வீடியோ பாக்கறதுல மெக்கானிக்கு எத்தன பேருங்க?"

அடுத்த ஓட்டெடுப்பு அதற்குத்தான்.